துண்டு வெட்டிய பிறகு: அட்டையைத் தமிழில் எழுதுவது எப்படி?
(நீர்வேலியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீர்வேலியில் தோட்டம் என்றால் வாழை, மலையகத்தில் தேயிலை. ஆனால் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் காட் இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில்தான். அதை வீட்டாருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கும்போது எங்கே பிழை வருகிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

பிரசர் உள்ள ஓர் அம்மாவுக்குக் காலில் கிருமித்தொற்று. அட்டையில் 'அக்கியூட் கிட்னி இஞ்சறி' என்றும் இருக்கிறது. அகராதியைப் பார்த்து 'கடுமையான சிறுநீரகக் காயம்' என்று எழுதினால் வீடே அழும். இங்கே 'அக்கியூட்' என்றால் திடீரென வந்தது என்று பொருள், கடுமையைக் குறிப்பதல்ல. 'இஞ்சறி' வெட்டுக்காயமும் அல்ல. ஆகவே, 'சிறுநீரகத்தின் வேலை திடீரெனக் குறைந்தது' என்று எழுதுவோம். 'குரோனிக்' என்று இருந்தால் மட்டுமே அது நாட்பட்டது.

அடுத்தது மருந்து. 'குளொக்சசிலின் 500 மி.கி., கியூ.டி.எஸ்., ஏ.சி., 5/7' என்று இருக்கிறது. கியூ.டி.எஸ். என்றால் ஒரு நாளைக்கு நான்கு தரம். ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன். 5/7 திகதியும் அல்ல, குளிசையின் பங்கும் அல்ல. கிழமைக்கு 7 நாள். அதில் 5 நாள். வருடத்துக்கு 52 கிழமை என்பதால் 2/52 இரண்டு கிழமை. 12 மாதம் என்பதால் 1/12 ஒரு மாதம். இதை டிசம்பர் முதலாம் திகதி என்று நினைத்தால் கிளினிக் தவறிவிடும். எழுதிய பின் எண்ணிப் பார்ப்போம்: 500 மி.கி. குளிசையானால் 4 தரம், 5 நாள், மொத்தம் 20. பையில் வேறு எண்ணிக்கை இருந்தால் உடனே கேட்க வேண்டும்.

மிகவும் கவனம் வேண்டிய வரி இது: 'லோசாட்டன் ஒமிட் 1/52, கிரியேற்றினின் பார்த்து கிளினிக்.' சிறுநீரகம் தேறும் வரை அந்தப் பிரசர் குளிசையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 'நிறுத்தவும்' என்று மட்டும் எழுதினால் அம்மா அதை என்றைக்குமாக விட்டுவிடுவார். எழுதாமல் விட்டால் வீட்டில் உள்ள பழைய குளிசையைப் போடுவார். எனவே இப்படி எழுதுவோம்: 'லோசாட்டன் ஒரு கிழமைக்குப் போட வேண்டாம். பிறகு இரத்தம் சோதித்து, டொக்டர் சொன்ன பின்பே தொடங்க வேண்டும்.'

மருந்தின் பெயரை மொழிபெயர்க்காமல் அட்டையில் உள்ள எழுத்தையே பார்த்து எழுதுங்கள். நோயின் பெயருக்கு முன் கேள்விக்குறி இருந்தால் அது சந்தேகம்தான், முடிவு அல்ல. 'இருக்கலாம்' என்றே எழுதுங்கள்.

விளங்காத வரியை ஊகித்து எழுதக்கூடாது. இடம் விட்டு, வாட்டை விட்டு வெளியேறும் முன் மிஸ்ஸியிடம் கேளுங்கள். கடைசியாக, மருந்து கொடுக்கப்போகிறவரைக் கூப்பிட்டு, 'நாளைக் காலை எதைக் கொடுப்பீர்கள், எதைக் கொடுக்கமாட்டீர்கள்?' என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதும் அட்டையும் ஒன்றாக இருந்தால் மொழிபெயர்ப்பு சரி.