கணித வினாத்தாளின் படத்தைப் பெற்றோர் எப்படி வாசிப்பது?
(தரம் 10, 11 மாணவர்களின் பெற்றோருக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் வாரங்களில் எங்கள் கைபேசிகளுக்கு நிறையப் படங்கள் வருகின்றன. பெரும்பாலும் கணிதத் தாளின் படம். கூடவே ஒரு குரல் பதிவும் வரும். "இதுல என்ன எழுதிரிக்கி எண்டு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். இங்கே திரும்பி வந்து குடியேறிய பிறகு உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறியிருக்கிறார்கள். சிலர் இடையில் பல மாதங்கள் படிக்காமலும் இருந்திருக்கிறார்கள். அதனால் சிவப்பு மையைக் கண்டதும் உங்களுக்குப் பயம் வருவது இயல்புதான். இன்றைக்கு ஒரேயொரு தாளை எடுத்துப் பேசுவோம். அந்தப் பிள்ளையின் பெயர் வேண்டாம்.

மருதமுனையிலிருந்து ஓர் உம்மா படம் அனுப்பியிருந்தார். மகன் தரம் 11. கணிதம் பகுதி II தாளின் முன்பக்கத்தில் 34 என்று சிவப்பில் எழுதி வட்டமிட்டிருந்தது. அவர் சொன்னது இதுதான்: "தங்கச்சி, முப்பத்தஞ்சு எடுத்தாத்தானே பாஸ்? இவன் முப்பத்திநாலு. அதோட ரெண்டு கேள்விய வெறுமனே விட்டுப்போட்டு வந்திரிக்கான். பேசாம தறிக்கு அனுப்பிரலாம் எண்டு இவன்ட வாப்பா சொல்றாரு."

முதலில் அந்த 34. க.பொ.த. சாதாரண தரக் கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்கள் உண்டு. மேல் வகுப்புகளின் தவணைப் பரீட்சையும் இதே அமைப்பில்தான் வருகிறது. பகுதி I இரண்டு மணித்தியாலம். அதில் A பிரிவில் 25 சிறிய வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. B பிரிவில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. ஆக 100. பகுதி II மூன்று மணித்தியாலம், அதற்கும் 100. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் வருவதுதான் பிள்ளையின் கணிதப் புள்ளி. 35 என்ற எல்லை அந்த இறுதிப் புள்ளிக்குத்தான் உரியது. ஒரு தாளை மட்டும் வைத்து அதைப் பார்க்கக் கூடாது.

பகுதி I தாளையும் அனுப்பச் சொன்னோம். அதில் 48 இருந்தது. 48உம் 34உம் 82. பாதி 41. 35 முதல் 49 வரை S, அதாவது சாதாரண சித்தி. 50 முதல் C, 65 முதல் B, 75 முதல் A. அந்த மகன் சித்தியடைந்திருக்கிறான்.

இந்தியாவில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் உள்ள வீடுகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் கணிதத்துக்கு 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள், தேர்ச்சிக்கு 35. அந்தப் பழக்கத்தோடு இங்குள்ள ஒரு தாளை மட்டும் பார்த்தால் இதே குழப்பம்தான் வரும்.

அடுத்தது அந்த வெறுமனே விட்ட இரண்டு வினாக்கள். உண்மையான பிரச்சினை இங்கேதான் இருந்தது, ஆனால் உம்மா நினைத்த மாதிரி இல்லை. பகுதி II தாளின் முதற்பக்கத்தில் ஓர் அறிவுறுத்தல் இருக்கும். A பிரிவில் ஐந்து வினாக்களையும் B பிரிவில் ஐந்து வினாக்களையும் தெரிவுசெய்து, பத்து வினாக்களுக்கு விடை எழுத வேண்டும் என்பது அதன் கருத்து. தாளில் இருப்பவை 12 வினாக்கள். 1 முதல் 6 வரை A, 7 முதல் 12 வரை B. ஆகவே எந்தப் பிள்ளையும் இரண்டு வினாக்களை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதற்காக யாரும் புள்ளி குறைப்பதில்லை.

ஆனால் A பிரிவில் ஒன்றை விட வேண்டும், B பிரிவில் ஒன்றை விட வேண்டும். இந்த மகன் விட்டது 9ஆம், 11ஆம் வினாக்களை. இரண்டுமே B. A பிரிவின் ஆறு வினாக்களையும் செய்துவிட்டு B பிரிவில் நான்கோடு நிறுத்தியிருக்கிறான். "பத்து" என்ற சொல் அவன் கண்ணில் பட்டிருக்கிறது, "ஐந்து, ஐந்து" படவில்லை. A பிரிவில் ஐந்து விடைகளுக்கு 6, 5, 5, 3, 4 என 23 புள்ளி. ஆறாவது விடைக்குப் பக்கத்தில் ஆசிரியர் 5 என்று எழுதி, அதன்மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தார். உம்மா அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு விடை பிழை என்று நினைத்துவிட்டார். விடையில் பிழை இல்லை, அது கணக்கில் சேராத மேலதிக விடை. B பிரிவில் 5, 3, 2, 1 என 11. மொத்தம் 34.

மூன்று மணித்தியாலத்தைப் பத்தால் பிரித்தால் ஒரு வினாவுக்கு 18 நிமிடம். அந்த 18 நிமிடம் கணக்கில் வராத விடைக்குப் போய்விட்டது. அதே நேரத்தில் 9ஐ எடுத்து 4 புள்ளி பெற்றிருந்தாலும் தாளுக்கு 38, இறுதிப் புள்ளி 43 ஆகியிருக்கும். C எடுக்க இரண்டு தாளுக்கும் சேர்த்து 100 வேண்டும், அவனிடம் இருப்பது 82. அந்த மீதியைப் படித்துத்தான் பெற வேண்டும், அறிவுறுத்தலை வாசிப்பதால் மட்டும் வராது.

சாதாரண தரப் பரீட்சையில் பகுதி II தாளுக்கு மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடம் கொடுக்கிறார்கள். எந்த ஐந்து, எந்த ஐந்து என்று தெரிவுசெய்யத்தான் அந்த நேரம். A இல் விடும் வினாவையும் B இல் விடும் வினாவையும் அப்போதே முடிவு செய்யச் சொல்லிப் பிள்ளையைப் பழக்குங்கள்.

இன்னொன்று, விடையின் ஓரத்தில் வட்டத்துக்குள் காணும் சின்னச் சின்ன 1கள். கணிதத்தில் கடைசி விடைக்கு மட்டும் புள்ளி போடுவதில்லை, வழியில் உள்ள படிகளுக்கும் போடுவார்கள். ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். ரூ. 24 000 கடன், ஆண்டுக்கு 12% எளிய வட்டி, 2 ஆண்டு கழித்துச் செலுத்த வேண்டிய மொத்தம் எவ்வளவு? ஓராண்டு வட்டி 2880, இரண்டாண்டு வட்டி 5760, மொத்தம் 29 760. ஒரு பிள்ளை ஓராண்டு வட்டி 2880 என்று சரியாக எழுதி, இரண்டால் பெருக்கும் இடத்தில் 5860 என்று பிழைவிட்டால், சரியான படிகளுக்கு உரிய புள்ளி கிடைக்கும், பிழைத்த படிக்கு உரியது மட்டும் போகும். இன்னொரு பிள்ளை அதே பிழையை மனதுக்குள் விட்டு 29 860 என்று விடையை மட்டும் எழுதினால் ஒன்றும் கிடைக்காது. பகுதி I இன் 2 புள்ளி வினாக்களிலும் விடை பிழைத்தாலும், சரியான படி எழுதியிருந்தால் 1 புள்ளி கிடைக்க இடமுண்டு. எனவே படத்தில் விடை தவறு என்ற அடையாளத்தோடு 1, 1 என்று வட்டங்களும் இருந்தால், பிள்ளைக்கு வழி தெரியும், கணிப்பில் சறுக்குகிறான் என்று அர்த்தம். வட்டமே இல்லாத வெறும் விடைகள் வரிசையாக இருந்தால், படிகளை எழுதாமல் விடுகிறானா, பாடமே விளங்கவில்லையா என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டும். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்பது புள்ளித்திட்டத்தில் இருக்கும், அது ஆசிரியரிடம் உண்டு. கடந்த ஆண்டுப் பொதுப் பரீட்சைத் தாள்களுக்கான திட்டங்களைப் பரீட்சைத் திணைக்களமும் வெளியிடுகிறது.

இனிமேல் படம் அனுப்பும்போது சிவப்பு இலக்கம் உள்ள மூலையை மட்டும் எடுக்காதீர்கள். தாளைத் தரையிலோ மேசையிலோ விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், நான்கு விளிம்பும் தெரிய எடுங்கள். அறிவுறுத்தல் உள்ள முதற்பக்கம் கட்டாயம் வேண்டும். அதன் பிறகு எல்லாப் பக்கங்களையும் ஒழுங்குப்படி, இரண்டு தாள்களையும் சேர்த்து அனுப்புங்கள். பிள்ளையின் பெயரும் சுட்டெண்ணும் உள்ள இடத்தை விரலால் மறைத்துவிடுங்கள்.