ரசீதின் பின்பக்கம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மலையில் ஏலம் விளைவிப்போரும், அதனை வாங்கி வெளியூருக்கு அனுப்புவோரும் நம்மிடையே பலர் உளர். லாரிக் கம்பெனி தரும் ரசீதின் முன்பக்கத்தை நாம் படிக்கின்றோம். பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படிப்பவர் அரியர். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்கும்.

நமக்கு அண்மையிலுள்ள போடிநாயக்கனூரில் நிகழ்ந்ததொன்றைக் கூறுகின்றேன். பிரசாத் டிரேடிங் கம்பெனி என்னும் ஏலக்காய் வணிகர், படேல் ரோடுவேசின் போடிக் கிளையில் டெல்லிக்குச் சரக்கை ஒப்படைத்தனர். அங்கே கிடங்கில் தீப்பற்றிச் சரக்கு கெட்டது. வணிகர் பெரியகுளம் சார்பு நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். கம்பெனியோ, பம்பாய் நீதிமன்றத்திற்கு மாத்திரமே அதிகாரம் என்னும் நிபந்தனையைக் காட்டி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1991-இல் வணிகர் பக்கமே தீர்ப்பாயிற்று.

காரணம் யாது? சிவில் நடைமுறைச் சட்டம் 20-ஆம் பிரிவின் விளக்கப்படி, கிளையுள்ள ஊரிலேயே வழக்கிற்குரிய காரணம் தோன்றினால், கம்பெனி அவ்வூரில் தொழில் நடத்துவதாகவே கொள்ளப்படும். பம்பாயில் தலைமை அலுவலகம் இருந்ததேயன்றி, இச்சரக்கின் தொடர்பாக அங்கு ஒன்றும் நிகழவில்லை. சட்டப்படி அதிகாரமில்லாத நீதிமன்றத்திற்கு இருவர் கையெழுத்து அதிகாரம் தந்துவிடாது. அதிகாரமுள்ளவை இரண்டு மூன்று இருப்பின், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், அவ்வளவே.

அவ்வாறு தேரும்பொழுது "மாத்திரம்" என்னும் சொல் வேண்டுமா? 1989-இல் சேலத்து வணிகர் வழக்கொன்றில், நிபந்தனையில் கைரா என்னும் ஊர் மாத்திரம் இருந்தது. பிறவற்றை விலக்கும் சொல் இல்லை. ஆகவே சேலம் நீதிமன்றம் விசாரிக்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கிலோ, கொல்கத்தா என்று பெயர் குறித்ததே பிற ஊர்களை விலக்கும் எண்ணத்தைக் காட்டும், "மாத்திரம்" இல்லாதது குறையன்று எனத் தீர்ந்தது. ஆகவே அச்சொல் இல்லையென்று தைரியங் கொள்வது இன்று பிழை. இரு ஊரிலும் வழக்கிடும் உரிமை வேண்டுமாயின் அதனை வெளிப்படையாகவே எழுதல் வேண்டும்.

பெயரும் கவனிக்கத் தக்கது. "இடுக்கி நீதிமன்றம்" என்று எழுதிவிடுகிறார்கள். இடுக்கி மாவட்டத்தின் பெயர். மாவட்ட நீதிமன்றம் இருப்பதோ தொடுபுழையை அடுத்த முட்டத்தில். கட்டப்பனையிலும் நீதிமன்றம் உண்டு. ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் இடுக்கி, அடுத்த பக்கத்தில் கட்டப்பனை, இணைத்த ரசீதில் பெரியகுளம் என்றிருந்தால், முதல் ஓராண்டு வழக்கு எங்கே என்பதிலேயே கழியும். (வக்கீலுக்கு அதில் நட்டமில்லை!) பழைய படிவத்தைப் பார்த்து எழுதும்பொழுதே இப்பிழை பெரும்பாலும் நுழைகின்றது. ஊர்ப்பெயர் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே கையெழுத்திடுக.