முந்நூறு சொல்லுக்குள் ஒரு கதை



கதைப் போட்டிக்கு எழுதுகிறவர்கள் பலருக்குக் கதை எழுதுவது கடினமாக இருப்பதில்லை. எழுதி முடித்த கதையைச் சொன்ன அளவுக்குள் கொண்டுவருவதுதான் கடினம். "300 சொற்கள்" என்று விதி இருக்கும். கையில் இருப்பதோ 378. பலர் என்ன செய்கிறார்கள் என்றால், முதல் பக்கத்தைத் தொட மனமில்லாமல் கடைசிப் பக்கத்தை வெட்டிவிடுகிறார்கள். முடிவு போய்விடுகிறது. அதோடு கதையும் போய்விடுகிறது.

இந்த நெருக்கடி நம் மலேசியத் தமிழர்களுக்குப் புதியதன்று. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேச'னில் கதை வகுப்பு நடத்தினார்கள். நாளிதழின் பத்திக்கு ஓர் அளவு உண்டு. அதற்குள் அடங்காத கதைக்கு அங்கே இடம் கிடைக்காது. இன்றைய போட்டி விதியும் ஏறக்குறைய அதே பத்திதான்.

உதாரணத்துக்காக நானே ஒரு கதை எழுதிக்கொண்டேன். பாகான் டத்தோவைச் சேர்ந்த கதை. தென்னை மிகுந்த ஊர் அல்லவா? தேங்காய் உரிக்கும் கம்பியைப் பற்றி அங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணில் ஊன்றி, கூர்முனை மேலே நிற்க, அதில் காயைக் குத்தித் திருகி மட்டையைப் பிரிப்பார்கள். கதையில் அப்பா அந்த வேலை செய்தவர். அவர் இறந்துபோகிறார். தோட்டம் கைமாறுகிறது. குடும்பம் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறது. முடிவு இப்படி:

"அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடிக்கு அம்மா அந்தக் கம்பியைத் தூக்கி வந்தார். ஊன்ற மண் இல்லை. கதவு மூலையில் சாய்த்து வைத்தார்."

இவை 16 சொற்கள். வெட்டத் தொடங்குமுன் இவற்றைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு கட்டம் போட்டேன். இவற்றைத் தொடக்கூடாது. பிறகு, இந்த முடிவு எதன்மேல் நிற்கிறது என்று தேடினேன். "ஊன்ற மண் இல்லை" என்ற இடம் வாசகர் மனத்தில் தைக்க வேண்டுமானால், அந்தக் கம்பி ஒரு காலத்தில் மண்ணில் ஊன்றி நின்றதை அவர் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆகவே கதையின் நடுவில் அப்பா கம்பியை ஊன்றும் இடத்துக்கும் ஒரு கட்டம். அந்த இடத்தைச் சுருக்கலாம்; நீக்கக்கூடாது. வெறும் வருணனை போலத் தோன்றுவதால் பெரும்பாலோர் முதலில் அடித்துவிடுவது இந்த மாதிரி இடத்தைத்தான்.

இப்போது எண்ணிக்கை. சதுரக் கட்டத் தாளில் வரிக்குப் பத்துச் சொல் வீதம் எழுதி, வரியின் ஓரத்தில் மொத்தத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் தவறு வராது. தமிழில் எது ஒரு சொல் என்ற கேள்வி வரும். பொதுவாக இடைவெளிவிட்டு எழுதுவதே ஒரு சொல். கணினியும் கைத்தொலைபேசியும் அப்படித்தான் எண்ணுகின்றன. தனியே நிற்கும் ஒரு சிறு கோட்டைக்கூடச் சொல்லாகக் கணக்கில் சேர்ப்பது உண்டு, கவனம் வேண்டும். தலைப்பு கணக்கில் சேருமா என்று விதியில் இல்லாவிட்டால், நடத்துகிறவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

சிலர் சொற்களை ஒட்டி எழுதித் தப்பப் பார்ப்பார்கள். "தோட்டத்தில் இருந்து" என்பதைத் "தோட்டத்திலிருந்து" என்று எழுதுவது முறை, இரண்டு ஒன்றாகிறது. "கம்பியைக் கொண்டு" என்பதைக் "கம்பியால்" என்பதும் முறையே. ஆனால் "அந்தக்கம்பியைத்தூக்கிவந்தார்" என்று ஒரே மூச்சில் ஒட்டினால் நீதிபதிகளுக்குச் சிரிப்புத்தான் வரும். "அப்பாவினுடைய கை" என்பதை "அப்பாவின் கை" ஆக்கினால் எழுத்துக் குறையும், சொல் குறையாது. இதை அறியாமல் மணிக்கணக்கில் வேலை செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

378இலிருந்து 78 போக வேண்டும். முதல் வெட்டு, முடிவுக்குப் பின்னால் வால்போல் தொங்கிய வாக்கியத்துக்கு: "இவ்வாறாகத் தோட்ட மக்களின் வாழ்க்கை நிலை இன்று மாறிப்போய்விட்டது என்பதை நினைக்கும்போது என் கண்கள் கலங்குகின்றன." 12 சொற்கள். மூலையில் சாய்ந்து நிற்கும் கம்பி சொல்லிவிட்டதையே இது மறுபடி சொல்கிறது. முழுதும் போயிற்று. 366.

அடுத்தது தொடக்கம். "பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ பகுதியில் கடலோரமாக அமைந்திருந்த மிகவும் பழமையான ஒரு தென்னந்தோட்டத்தில் என் அப்பா பல ஆண்டுகளாகத் தேங்காய் உரிக்கும் வேலையைச் செய்து வந்தார்." இருபது சொற்கள். "பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் அப்பா தேங்காய் உரித்தார்." ஆறு. பழமையும் கடலோரமும் கதைக்குப் பின்னால் எங்கும் பயன்படவில்லை. 352.

மூன்றாவது வெட்டுத்தான் வலித்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை 44 சொற்களில் எழுதியிருந்தேன். கரகம், தப்பு, பொங்கல் பானை எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. அதை விரலால் மறைத்துக்கொண்டு முடிவைப் படித்துப் பார்த்தேன். முடிவு அப்படியே நின்றது. சரி, போகட்டும் என்று அடித்தேன். அடித்த பிறகு முழுக்கதையையும் என் வீட்டாரிடம் படித்துக் காட்டினேன். "அப்பா எங்கே போனார்?" என்று கேட்டார்கள். அப்போதுதான் புரிந்தது. அவர் இறந்த செய்தி அந்தத் திருவிழாப் பத்திக்குள் ஒரு மூலையில் இருந்தது. பத்தியோடு அதுவும் போய்விட்டது. பெரிய துண்டுகளை வெட்டும்போது அடிக்கடி நேர்வது இது. எழுதியவருக்குத் தெரியாது, கதையைப் புதிதாகக் கேட்கிறவருக்குத்தான் தெரியும். ஆகவே "தோட்டம் கைமாறியது" என்ற வாக்கியத்தின் முன்னால் "அப்பா இறந்த மறு ஆண்டு" என்று நான்கு சொற்களைச் சேர்த்தேன். 44 போய் 4 வந்தது. 312.

இனிக் கட்டம் போட்ட நடு இடம். "அதிகாலையில் அப்பா தம் கையில் இருந்த கூர்மையான இரும்புக் கம்பியைக் கொண்டு வந்து, ஈர மண்ணில் ஓங்கிக் குத்தி ஊன்றினார். கம்பி அசையாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினார்." இதில் 23 சொற்கள். கம்பியைக் கையில்தான் கொண்டு வருவார்கள். இறுக்குவது அசையாமல் இருக்கத்தான். இப்படித் தானே விளங்குபவற்றை நீக்கினேன். "விடியுமுன் அப்பா இரும்புக் கம்பியை ஈர மண்ணில் ஊன்றினார். சுற்றிலும் மிதித்து இறுக்கினார்." பத்துச் சொற்கள். 13 குறைந்து 299 ஆயிற்று.

விதி 300க்கு மிகாமல் என்றால் இங்கேயே நிறுத்தியிருக்கலாம். சரியாக 300 என்று கேட்டால் ஒரு சொல் வேண்டும். எங்காவது ஒரு "மிகவும்" போட்டு நிரப்புவது சுலபம். ஆனால் வெட்டிப்போட்டவற்றிலேயே திரும்ப வரத் தகுந்தது எது என்று பார்த்தேன். "சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினார்." அந்த "மண்ணை" திரும்ப வந்தது. அப்பா மிதித்து இறுக்கிய அதே மண்தான் மூன்றாம் மாடியில் இல்லாமற்போகிறது.

சுத்தப் பிரதி எழுதியதும் மறுபடி ஒருமுறை, இம்முறை கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். முன்னோக்கி எண்ணும்போது கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், எண் தவறிவிடும். பின்னோக்கி எண்ணியபோதும் 300 வந்தது. பிறகுதான் உறையில் போட்டு ஒட்டினேன்.