ரசீதில் ஆறாயிரம், கணக்கில் மூவாயிரம்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உள் தணிக்கையாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்றாம் மாடிக்காரர் ஒருவரின் பராமரிப்புக் கட்டணப் பிரச்சினை செப்டம்பரில் நம் வாட்ஸ்அப் குழுவில் எப்படிப் புகைந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஜூன் 5ஆம் தேதி இரண்டு மாதத்துக்கு ரொக்கமாக 6,000 ரூபாய் கட்டினார். கையில் ரசீதும் வைத்திருக்கிறார். ஆனால் நாம் அனுப்பிய பட்டியலில் 3,000 பாக்கி என்று வந்தது. பணம் வாங்கியது அலுவலகத் தம்பி என்பதால் எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். என் மனதிலும் அந்தச் சந்தேகம் இருந்தது, மறைக்கவில்லை.

முதலில் கல்லாவைச் சரிபார்த்தேன். ஜூன் மாத ரொக்க இருப்பு, வங்கியில் கட்டிய தொகை எல்லாம் பைசா பிசகாமல் கணக்கோடு ஒத்துப்போனது. பணம் காணாமல் போயிருந்தால் இங்கே இடித்திருக்கும். அப்படியானால் அந்த மூவாயிரம் எங்கே?

நம் கணக்கு டேலியில் இருக்கிறது. அதில் அந்த ரசீது வவுச்சரைத் திறந்து Edit Log என்ற பகுதியைப் பார்த்தேன். ஒரு பதிவு முதலில் எப்படி எழுதப்பட்டது, பிறகு யார், எந்த நாளில், எத்தனை மணிக்குத் திருத்தினார், எந்த இடம் மாறியது என்பதை அது வரிசையாகக் காட்டும். பழைய நகலையும் புதிய நகலையும் அருகருகே ஒப்பிடலாம்.

அங்கே இருந்தது இதுதான். ஜூன் 5 அன்று 6,000 என்று பதிவு. ஜூன் 28 இரவு 9.40க்கு அது 3,000 ஆகத் திருத்தம். அடுத்த ஐந்தே நிமிடத்தில் முதல் மாடி வீடு ஒன்றின் பெயரில் 3,000க்குப் புதிய ரசீது. அதற்குப் போட்ட தேதியோ ஜூன் 5. கூட்டினால் அதே ஆறாயிரம். அதனால்தான் கல்லா சரியாக இருந்தது. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கும் தணிக்கையில் இது எந்தக் காலத்திலும் சிக்காது.

சரி, திருத்தியது யார்? "admin" என்று இருந்தது. அந்தக் கடவுச்சொல் அலுவலகத் தம்பிக்கும் தெரியும், பொருளாளருக்கும் தெரியும், முந்தைய செயலாளருக்கும் தெரியும். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று சொன்ன பதிவேட்டால், யார் செய்தது என்று சொல்ல முடியவில்லை. அது பதிவேட்டின் குறை இல்லை, நம் குறை.

நேரத்தைச் சொன்னதும் பொருளாளர் காக்காவே நினைவுபடுத்திக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கும் முதல் மாடி வீட்டுக்காரர் அன்றிரவு போன் செய்து, "என் பணத்தை மேல்வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன்" என்றாராம். ஆறாயிரத்தில் பாதி அவருடையது என்று நினைத்து இவர் பிரித்துவிட்டார். உண்மையில் அந்தப் பணம் ஜூலையில் வங்கி வழியாகத் தனியாக வந்திருக்கிறது. அந்த வீட்டுக் கணக்கில் 3,000 கூடுதலாக நின்றது. தவறான எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் மூன்று வாரம் பழியைச் சுமந்தது அந்தத் தம்பிதான். அவரிடம் இந்த மேடையிலேயே வருத்தம் தெரிவிக்கிறேன்.

2023 ஏப்ரல் 1 முதல், கணினி மென்பொருளில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இப்படிப்பட்ட திருத்தப் பதிவேடு உள்ள, அதை முடக்க முடியாத மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். நம் சங்கம் கம்பெனி இல்லை. அந்தக் கட்டாயம் நமக்கு இல்லை. தேவை இருக்கிறது என்பதைத்தான் இப்போது பார்த்தோம்.

இந்தப் பதிவேட்டை ஏமாற்றவும் வழி உண்டு. நேரத்தை அது நம் கணினியின் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது. கடிகாரம் தப்பென்றால் நேரமும் தப்பு. பழைய பேக்கப்பை மீட்டு ஏற்றினால், அதற்குப் பிந்தைய திருத்தங்களின் தடமும் போய்விடும். ஆனால் அதுவும் வெளியே தெரியும்: பல நாள் தேதியிட்ட வவுச்சர்கள் எல்லாம் ஒரே இரவில் உருவானதாகக் காட்டினால், ஏன் என்று கேட்க வேண்டும். காகித ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிப் போடக் கூடாது என்பதும் இதனால்தான். மூன்றாம் மாடிக்காரரிடம் ரசீது இல்லாதிருந்தால், 6,000, 3,000 இரண்டில் எது சரி என்று பதிவேடு மட்டும் சொல்லியிருக்காது.

ஆகவே செயற்குழு மூன்று முடிவு எடுத்திருக்கிறது. கணக்கைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். ரசீது கொடுத்த தொகையை இனி மேலெழுதித் திருத்துவதில்லை. தவறு இருந்தால் காரணம் எழுதி, அன்றைய தேதியில் தனிச் சரிக்கட்டுப் பதிவு போட வேண்டும். மாதம் முடிந்ததும் திருத்தப்பட்ட, நீக்கப்பட்ட வவுச்சர்களின் பட்டியலை நான் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பட்டியல் வந்ததும் உங்கள் ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை மாறியிருந்தால் குழுவில் போடுவதற்கு முன் ரசீது எண்ணை எனக்கு அனுப்புங்கள். அந்த எண் இருந்தால் பத்து நிமிடத்தில் தடம் பிடித்துவிடலாம்.