ஒரே எண்ணின் தொல்லை

ஒரு எண்ணை கைபேசியில் பிளாக் செய்தாலும், அந்த அழைப்பு கைபேசி வரை வருகிறது. அங்கே மணியடிக்காமல் துண்டிக்கப்படுகிறது. டெல்லி முனிர்காவில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஒரு மாணவி, ஓயாமல் அழைக்கும் ஒருவரைப் பிளாக் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழைப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு முறை மணி கேட்கும். உடனே, வேறு அழைப்பில் இருக்கிறார் என்ற அறிவிப்பு வரும். பிளாக் செய்த செய்தி அவருக்குப் போகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தால் அவர் ஊகித்துவிடுவார். வேறு எண்ணிலிருந்து அழைப்பார். இந்த முறையின் பெரிய குறை அதுதான்.

வாட்ஸ்அப்பில் தனியாகப் பிளாக் செய்ய வேண்டும். அங்கே அவர் அனுப்பும் செய்தியில் ஒற்றை டிக் மட்டுமே நிற்கும்.

விருப்பமில்லை என்று தெரிந்தும் ஓர் ஆண் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொள்ள முயல்வது, பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்படி குற்றம். அழைப்புப் பட்டியலை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு, 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.