பெட்டிக்கு 25 ரூபாய்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தீபாவளிப் பலகாரப் பெட்டி விற்பனையின் கணக்கைச் சொல்லுமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்திருக்கிறார்கள். கணக்கோடு, அதைப் பற்றி நாங்கள் வெளியிட்ட அறிவிப்பின் கதையையும் சொல்ல விரும்புகிறோம். பிழை கணக்கில் நேரவில்லை, அறிவிப்பில்தான் நேர்ந்தது.

சென்ற ஆண்டு வாட்ஸ்அப் குழுவில், “பெட்டி 250 ரூபாய். இலாபம் முழுவதும் ஏழை மாணவர் நலனுக்கே” என்று எழுதினோம். அதில் பொய் இல்லை. ஆனால் பெட்டி ஒன்றுக்குச் சரக்கு, அட்டைப்பெட்டி, எரிவாயு, சமையற்காரர் கூலி எல்லாம் சேர்ந்து 217 ரூபாய் அடக்கம் ஆயிற்று. 320 பெட்டிகள் செய்தோம். அதற்கு ஆன செலவு 69,440 ரூபாய். விற்றவை 290, வரவு 72,500 ரூபாய். தேங்கிய 30 பெட்டிகளின் அடக்கத்தை விற்ற பெட்டிகளே சுமந்தன. மிச்சம் 3,060 ரூபாய். அதைப் பள்ளியில் செலுத்திவிட்டோம்.

பொங்கலன்று, ஓய்வு பெற்ற கார்டு ஒருவரின் துணைவியார் எங்களிடம், “தம்பி, நான் நாலு பெட்டி வாங்கினேன். என் ஆயிரம் ரூபாயில் பிள்ளைகளுக்கு எவ்வளவு போயிற்று?” என்று கேட்டார். வகுத்துப் பார்த்தோம், பெட்டிக்குப் பத்தரை ரூபாய், நான்குக்கும் சேர்த்து 42 ரூபாய். “அப்படியானால் பலகாரத்தை வீட்டிலேயே செய்துகொண்டு ஐந்நூறு ரூபாயை நேரே கொடுத்திருப்பேனே!” என்றார். எங்களுக்கு விடை இல்லை. அவர் ஏமாற்றப்படவில்லை; ஆயினும், தெரிந்து முடிவு செய்யும் வாய்ப்பை நாங்கள் அவருக்குத் தரவில்லை.

‘இலாபம்’ என்பது விற்பனை முடிந்த பிறகே தெரியும் தொகை. வாங்குகிறவரோ வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டியவர். ‘ஒரு பகுதி’ என்பதும் அப்படியே. ஒரு ரூபாயும் ஒரு பகுதிதான். ‘பத்து சதவிகிதம் வரை’ என்பது இன்னும் மோசம். ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் அச்சொல் பொய்யாகாது. ஆகவே இவ்வாண்டு அறிவிப்பை இப்படி எழுதினோம்:

“பெட்டி 250 ரூபாய். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும், இலாபம் வந்தாலும் வராவிட்டாலும், 25 ரூபாய் நகராட்சிப் பள்ளி மாணவரின் நோட்டுப் புத்தகங்களுக்குச் செல்லும். 217 ரூபாய் அடக்கம். மீதி 8 ரூபாய், சேதம் போக, சங்க நிதிக்கு. பணம் திருப்பித் தரப்பட்ட பெட்டிகள் கணக்கில் சேரா. தீபாவளி முடிந்த பதினைந்தாம் நாள் கணக்கும் ரசீதும் இக்குழுவில் வெளியாகும். உதவி மட்டும் செய்ய விரும்புவோர் பள்ளியிலேயே நேராகச் செலுத்தலாம்.”

கடைசி வரி விற்பனையைக் கெடுக்கும் என்று உறுப்பினர் சிலர் தடுத்தனர். அந்த அம்மையாரின் கேள்விக்கு அதுவே பதில் என்பதால் விடாமல் சேர்த்தோம். பள்ளியின் பெயரைப் போடுமுன் தலைமையாசிரியையிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றோம். ‘நன்கொடையாளர்களே’ என்று யாரையும் விளிக்கவில்லை. பெட்டி வாங்கியவர் பொருளை வாங்கியவரே. அவ்விலைக்கு வருமான வரிச் சலுகை கோர இயலாது. பள்ளியின் ரசீதும் சங்கத்தின் பெயரிலேயே வரும். பிள்ளைகளின் படத்தையும் நாங்கள் போடவில்லை. கணக்கு பேச வேண்டிய இடத்தில் குழந்தையின் முகம் பேசக் கூடாது.

இனி இவ்வாண்டுக் கணக்கு. முன்பணம் பெற்ற பிறகே அடுப்பு மூட்டியதால் தேக்கம் இல்லை. செய்தவை 312 பெட்டிகள். மிக்சர் நமுத்துப்போனதென்று நான்கு திரும்பி வந்தன; பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நின்ற விற்பனை 308. வரவு 77,000 ரூபாய். அடக்கம் 67,704 ரூபாய். பள்ளிக்கு 308 பெட்டிக்கு 25 வீதம் 7,700 ரூபாய். சங்க நிதிக்கு 1,596 ரூபாய். திரும்பிய நான்கு பெட்டிகளின் அடக்கமான 868 ரூபாய் சங்கத்தின் பங்கில் கழிந்தது. பிள்ளைகளின் பங்கில் அன்று.

சொன்னபடி பதினைந்தாம் நாள் ரசீதின் படத்துடன் இதை வெளியிட்டோம். நமுத்த மிக்சரையும் மறைக்கவில்லை. 312 என்று அறிந்தவர்கள் 308 என்று பார்த்தால், நான்கு எங்கே போயிற்று என்று கேட்பார்கள் அல்லவா? பார்சல் ஆபீஸ் பதிவேட்டிலும் அதே விதிதான்: வந்த மூட்டையும் போன மூட்டையும் ஒவ்வாவிட்டால், வேறுபாட்டுக்குரிய காரணம் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த அம்மையார் இவ்வாண்டு ஒரே பெட்டிதான் வாங்கினார். பள்ளியில் 500 ரூபாய் நேரே கட்டிவிட்டு வந்து எங்களிடம் ரசீதைக் காட்டினார். எங்கள் விற்பனையில் மூன்று பெட்டிகள் குறைந்தன, பிள்ளைகளுக்குக் குறையவில்லை. வரும் ஆண்டும் அந்தக் கடைசி வரி அறிவிப்பில் இருக்கும்.