பாமாயிலும் சுங்க வரியும்

அரும்பாவூர் மரச்சிற்பம் வெளிநாடு போனால், அங்கே சுங்க வரி கட்டுவது அதை இறக்குமதி செய்பவர்தான். நம்மூர் மளிகைக்கடைப் பாமாயிலிலும் அதே கதை. மலேசியாவில் விற்பவர் நம் வரியைக் கட்டுவதில்லை. இங்கே இறக்குமதியாளர் கட்டி, விலையில் சேர்த்துவிடுகிறார்.

2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கான அடிப்படைச் சுங்க வரி, பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. செய்தியில் 20 என்றார்கள். ஆனால் அதோடு விவசாய செஸ் 5. இந்த 25க்கு மேல், அதில் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி. ஆக, 100 ரூபாய் எண்ணெய்க்கு வரி 27 ரூபாய் 50 காசு.

2025 மே கடைசியில் அடிப்படை வரியைப் பாதியாக்கினார்கள். மொத்த வரி 16 ரூபாய் 50 காசு ஆனது. எண்ணெய் விலை பாதியாகுமா? 127.50 என்பது 116.50 ஆகும், அவ்வளவுதான். அதுவும் பழைய வரி கட்டி வந்த சரக்கு தீர்ந்த பிறகு. விலை ஏறும்போது மட்டும் கடைக்காரர்கள் இவ்வளவு பொறுப்பதில்லை!

இன்னொன்று. இந்த வரி பில் விலைக்கு அல்ல, சுங்க வாரியம் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாலரில் அறிவிக்கும் மதிப்புக்கு. அது உயர்ந்தாலோ, ரூபாய் சரிந்தாலோ, சதவீதம் மாறாமலே வரித்தொகை ஏறிவிடும்.